பெர்லினில் 12 வார கோடிங் பூட்கேம்ப்பா, இரண்டு வருட முதுகலையா?

கேள்வி: நான் கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் ஏழு வருடமாக டிசைன் இன்ஜினியர். 2018ல் அண்ணா பல்கலைக்கழக பி.இ. மெக்கானிக்கல், சி.ஜி.பி.ஏ. 7.4. வயது 28, மாதச் சம்பளம் 52,000 ரூபாய், கையில் ஆறு லட்சம் சேமிப்பு. சாஃப்ட்வேருக்கு மாற வேண்டும். பெர்லினில் 12 வார கோடிங் பூட்கேம்ப் இருக்கிறது, கட்டணம் 8,500 யூரோ, முடித்தபின் ஆறு மாதம் வேலை தேடவும் உதவுவோம் என்கிறார்கள். வீட்டில் எல்லோரும் ‘எம்.எஸ். படி, அதற்குத்தான் மதிப்பு’ என்கிறார்கள். இரண்டு வருடத்தை வீணாக்க எனக்கு மனமில்லை. எது சரி?
– கோவை வாசகி

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

கட்டணத்தையும் சான்றிதழின் மதிப்பையும் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு, முதலில் நாள்களை எண்ணுங்கள். ஜெர்மனியில் சட்டப்படி எத்தனை நாள் தங்கலாம், அதில் எத்தனை நாள் வேலை செய்யலாம் என்பதுதான் உங்களைப் போல வெளியிலிருந்து போகிறவருக்கு எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

12 வாரம் என்றால் 84 நாள். ஷெங்கன் விசாவில் 180 நாளுக்குள் 90 நாள் இருக்கலாம். வகுப்பு முடிந்ததும் உங்களிடம் மிஞ்சுவது ஆறு நாள். அந்த விசாவில் வேலை செய்ய முடியாது. வேலை கிடைத்தாலும் அங்கிருந்தபடியே அதை வேலை அனுமதியாக மாற்றித் தரமாட்டார்கள். ஊர் திரும்பி, தேசிய விசாவுக்குப் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். அவர்கள் சொல்லும் ஆறு மாத உதவி முழுவதையும் நீங்கள் கோவையில் உட்கார்ந்துகொண்டு வீடியோ காலில்தான் வாங்குவீர்கள். மாணவர் விசாவில் போகலாமே என்றால், அது பட்டம் தரும் உயர்கல்வி நிறுவனத்தில் சேருகிறவர்களுக்கு உரியது. பூட்கேம்ப் அந்தக் கணக்கில் வராது. ஷெங்கன் விசாவும் கைக்கு வந்த மாதிரி இல்லை. வேலையை விட்டுவிட்டு வேறு தொழிலுக்கு மாறப் போகிறேன் என்று விண்ணப்பித்தால், ‘இவர் திரும்பி வருவார் என்பதற்கு என்ன ஆதாரம்’ என்ற கேள்வியில் மறுக்கப்படலாம். கம்பெனியிலிருந்து விடுமுறைக் கடிதம் வாங்க முடிந்தால்தான் நிலைமை கொஞ்சம் பரவாயில்லை.

அப்படியானால் அந்த பூட்கேம்ப்கள் யாருக்காக நடக்கின்றன? ஜெர்மனியில் ஏற்கெனவே வசிப்பவர்களுக்காக. அங்கே வேலை இழந்து அரசு வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு செய்தவருக்கு பில்டுங்ஸ்குட்ஷைன் என்ற கல்வி வவுச்சர் கிடைக்கலாம். உரிய தரச்சான்று பெற்ற பூட்கேம்ப்பில் சேர்ந்தால் அந்த வவுச்சரே கட்டணத்தைக் கட்டிவிடும். கணவரின் வேலையை ஒட்டி குடும்ப விசாவில் போன பெண்கள் பலரும் இந்த வழியில் வருகிறார்கள். அவர்களுக்கு வேலை செய்யும் உரிமை கையில் இருக்கிறது, வருடக்கணக்கில் தங்கலாம், படிப்பு முடிந்த மறுநாளே வேலையில் சேரலாம். அவர்களுக்கு மூன்று மாதப் பயிற்சி நல்ல வழிதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அதே விளம்பரத்தை, அதே வேலைவாய்ப்புச் சதவீதத்தை உங்களுக்கும் காட்டுகிறார்களே, அதுதான் தவறு.

அந்தச் சதவீதத்தைப் பற்றிப் பேசும்போது ஒரே ஒரு கேள்வியை மின்னஞ்சலில் கேளுங்கள்: ‘கடைசி மூன்று பேட்சில், சேரும்போது ஜெர்மனியில் வசிப்பு அனுமதி இல்லாத, ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வந்தவர்கள் எத்தனை பேர்? அவர்களில் எத்தனை பேருக்கு ஜெர்மனியில் சம்பள ஒப்பந்தம் கிடைத்தது?’ பதில் எண்ணாக வராமல் வாழ்த்தாக வந்தால் விஷயம் புரிந்துவிடும். பொதுவாக இந்தச் சதவீதங்களில் ‘வேலை தேடாதவர்’ என்று ஒரு பகுதியைக் கழித்துவிடுவார்கள். விசா முடிந்து ஊர் திரும்பியவர் அந்தக் கழிவில் போய்விடுவார். அதே பூட்கேம்ப்பில் உதவிப் பயிற்றுநராகச் சேர்ந்தவரும், சில மாத இன்டர்ன்ஷிப் கிடைத்தவரும் வேலை பெற்றவர் பட்டியலில் ஏறிவிடுவதும் உண்டு.

அடுத்து, அங்கீகாரம். வீட்டில் ‘மதிப்பு’ என்று சொல்வதை இரண்டாகப் பிரித்தால்தான் கணக்குத் தெளியும். விசா அதிகாரி பார்க்கும் மதிப்பு ஒன்று, வேலை தருகிறவர் பார்க்கும் மதிப்பு ஒன்று.

விசா அதிகாரிக்குத் தேவையான மதிப்பு உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. இதைத்தான் பலர் கவனிப்பதே இல்லை. ஜெர்மனி வெளிநாட்டுப் பட்டங்களை anabin.kmk.org என்ற தளத்தில் வகைப்படுத்தி வைத்திருக்கிறது. அண்ணா பல்கலைக்கழகம் அதில் H+, அதாவது அங்கீகரிக்கப்பட்ட நிறுவனம் என்ற தகுதியில் இருக்கிறது. நான்கு வருட பி.இ. பட்டம் ஜெர்மன் பட்டத்துக்கு ஈடு என்று வந்தால் நீங்கள் அவர்கள் கணக்கில் தகுதிபெற்ற தொழிலாளர். 2023 நவம்பரில் சட்டம் மாறியதிலிருந்து, இப்படிப் பட்டம் உள்ளவர் தன் பாடத்துக்கு நேரடித் தொடர்பில்லாத தகுதி வேலைக்கும் வேலை அனுமதி பெறலாம். அதாவது மெக்கானிக்கல் பட்டத்தை வைத்துக்கொண்டு புரோகிராமர் வேலைக்குப் போகச் சட்டத்தில் தடை இல்லை. சம்பளமும் வேலை நிபந்தனைகளும் அங்குள்ளவர்களுக்கு நிகராக இருந்தால் போதும். உயர்தகுதி வேலைக்குத் தரும் ப்ளூ கார்டு என்ற அனுமதி மட்டும் வேறு: அதற்கு வேலை உங்கள் தகுதிக்குப் பொருந்த வேண்டும், சம்பள வரம்பும் உண்டு. பூட்கேம்ப் சான்றிதழ் இந்த இரண்டு வழியிலும் ஒரு துளிகூடச் சேர்க்காது, ஏனென்றால் அனாபினில் அப்படி ஒரு வகையே இல்லை.

ஆக விசாவுக்குப் பூட்கேம்ப்பும் வேண்டாம், சொல்லப்போனால் முதுகலையும் வேண்டாம். அடைபட்டிருப்பது இரண்டாவது கதவு. ஒரு ஜெர்மன் கம்பெனி, மூன்று மாதம் கற்ற ஒருவருக்காக விசா காகிதங்களில் கையெழுத்துப் போட்டு, அவர் வந்து சேரும்வரை சில மாதம் காத்திருக்குமா? தொடக்கநிலை வேலைக்கு உள்ளூரிலேயே கணினிப் பட்டதாரிகள் வரிசையில் நிற்கும்போது அந்தச் சிரமத்தை ஏற்கிறவர் மிகக் குறைவு. உங்கள் சுயவிவரத்தில் அவர்கள் தேடுவது, ஜெர்மனியில் ஏதாவது ஒரு கம்பெனியில் வேலை பார்த்த சில மாதங்களை. அந்த மாதங்களைச் சேர்க்க இடம் தருவது எது என்று பார்த்தால்தான் முதுகலைக்கு அர்த்தம் வருகிறது.

ஜெர்மனியில் முதுகலை மாணவர் பருவ நாள்களில் வாரத்துக்கு 20 மணி நேரம் வேலை செய்யலாம். நாள் கணக்கில் எடுத்தால் வருடத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள். கம்பெனிகள் இதற்கென்றே வெர்க்ஸ்டூடென்ட் என்று ஒரு பணியிடம் வைத்திருக்கின்றன. ஹோட்டலில் பாத்திரம் கழுவுகிற பகுதிநேர வேலையோடு இதைச் சேர்த்துப் பேசாதீர்கள். மாணவர் தன் துறையிலேயே, அலுவலகத்தில், உண்மையான திட்டத்தில் வேலை செய்வது இது. படிப்பு முடிந்ததும் வேலை தேட 18 மாதம் அனுமதி தருகிறார்கள், அந்தக் காலத்தில் எந்த வேலையும் செய்யலாம். பிறகு நிரந்தர வசிப்பு அனுமதிக்கு, ஜெர்மன் பட்டம் உள்ளவர் தகுதி வேலையில் இரண்டு வருடம் இருந்தால் விண்ணப்பிக்கலாம். வெளிநாட்டுப் பட்டத்தோடு வந்தவருக்குப் பொதுவாக மூன்று வருடம். பூட்கேம்ப் உங்களுக்கு வாங்கித் தருவது வேலை செய்ய முடியாத 90 நாள். முதுகலை வாங்கித் தருவது பகுதிநேர வேலையோடு இரண்டு, இரண்டரை வருடமும் அதன்பின் 18 மாதமும். நீங்கள் வீணாகும் என்று பயப்படும் இரண்டு வருடம்தான் இதில் உள்ள சரக்கே.

இப்போது பணம். யூரோ நூறு ரூபாய் என்று வைத்துக் கணக்குப் போடுகிறேன்.

பூட்கேம்ப்புக்குக் கட்டணம் 8,500. பெர்லினில் குறுகிய கால அறை, சாப்பாடு, போக்குவரத்து எல்லாம் சேர்த்து மாதம் 1,200 யூரோவுக்குக் குறையாது என்று எடுத்தால் மூன்று மாதத்துக்கு 3,600. விசா 90, விமானமும் காப்பீடும் ஒரு 700. மொத்தம் ஏறக்குறைய 12,900 யூரோ, அதாவது 12.9 லட்சம் ரூபாய். இது முழுக்கச் செலவு, திரும்பி வராது.

முதுகலைக்குக் கிளம்பும் முன் கையில் இருக்க வேண்டியதைப் பாருங்கள். பெரிய தொகை முடக்கப்பட்ட வங்கிக் கணக்கு: வருடத்துக்கு 11,904 யூரோ. இந்தியப் பட்டங்களைச் சரிபார்க்கும் ஏ.பி.எஸ். சான்றிதழுக்கு 18,000 ரூபாய். 2022 நவம்பரிலிருந்து இது கட்டாயம். ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வு, வெளிநாட்டு விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் யூனி-அசிஸ்ட் வழியாக நான்கு விண்ணப்பம் (முதலாவதுக்கு 75 யூரோ, அடுத்த ஒவ்வொன்றுக்கும் 30), விசா 75 யூரோ, விமானம், அறை முன்பணம் எல்லாம் சேர்த்தால் இன்னும் இரண்டு லட்சம். மொத்தம் 14 லட்சம் சுமார். அதாவது கிளம்பும்போது தேவைப்படும் பணத்தில் இரண்டுக்கும் ஒரு லட்சம்தான் வித்தியாசம். அந்த முடக்கக் கணக்கில் போட்ட பணம் கல்லூரிக்குப் போவதில்லை. மாதம் 992 யூரோவாக உங்கள் கைக்கே திரும்பி வருகிறது, அதில்தான் வாடகையும் சாப்பாடும் நடக்கும். பெரும்பாலான அரசுப் பல்கலைகளில் கல்விக் கட்டணம் இல்லை. பருவக் கட்டணமாக 100 முதல் 350 யூரோ வரை மட்டும் கட்ட வேண்டும். விதிவிலக்குகளைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்: பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் வெளிநாட்டு மாணவருக்குப் பருவத்துக்கு 1,500 யூரோ, மியூனிக் தொழில்நுட்பப் பல்கலையில் 2024 குளிர்காலப் பருவத்திலிருந்து முதுகலைக்குப் பருவத்துக்கு 4,000 முதல் 6,000 யூரோ.

முழுக் காலத்துக்கும் எவ்வளவு ஆகும்? தாளில் இரண்டு வருடம் என்றாலும் ஆய்வேடு முடித்து வெளியே வர இரண்டரை வருடம் என்று வைப்பதுதான் நேர்மை. மாதம் 1,050 என்று 30 மாதத்துக்கு 31,500, பருவக் கட்டணங்களுக்கு ஆயிரம் சேர்த்து 32,500 யூரோ. முதல் பருவத்தில் வேலையை நினைக்காதீர்கள். அடுத்த பதினெட்டு மாதம் வெர்க்ஸ்டூடென்ட் வேலை கிடைத்தால், 2026 ஜனவரி முதல் குறைந்தபட்சக் கூலியே மணிக்கு 13.90 யூரோ, வாரம் 20 மணி நேரத்துக்கு மாதம் 1,200 வரும். ஓய்வூதியப் பிடித்தம் போக 1,100 சுமார் கைக்கு. பதினெட்டு மாதத்தில் 19,800. நீங்களும் வங்கியும் சேர்ந்து தூக்க வேண்டிய மீதி 12,700 யூரோ. அதாவது, வேலை கிடைத்தால், இரண்டரை வருட முதுகலையின் நிகரச் செலவு மூன்று மாத பூட்கேம்ப்பின் செலவுக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது.

‘வேலை கிடைத்தால்’ என்பதை அழுத்திச் சொல்கிறேன். கிடைக்காவிட்டால் 32 லட்சம். கூடவே முப்பது மாதச் சம்பளமான 15.6 லட்சத்தையும் நீங்கள் இழக்கிறீர்கள். வசிப்பு அனுமதியை நீட்டிக்கப் போகும்போது மறுபடியும் ஒரு வருடப் பணத்தையோ சம்பளச் சீட்டுகளையோ காட்டச் சொல்வார்கள். பலரும் தடுமாறுவது இங்கேதான். ஆகவே இரண்டாம் வருடத்துக்கான 12 லட்சத்தை வெர்க்ஸ்டூடென்ட் வருமானத்தை நம்பாமல் கடன் அனுமதியிலேயே சேர்த்து வாங்கிவையுங்கள், தேவைப்படாவிட்டால் எடுக்க வேண்டாம். பட்டப் படிப்பு என்பதால் வங்கியில் கல்விக் கடன் கிடைக்கும், படிப்புக் காலமும் அதன்பின் ஒரு வருடமும் தவணை கேட்க மாட்டார்கள். 7.5 லட்சத்துக்கு மேல் பொதுவாகச் சொத்து ஜாமீன் வேண்டும். பூட்கேம்ப்புக்குப் பெரும்பாலும் தனிநபர் கடன்தான் கிடைக்கும். வட்டி அதிகம், தவணை அடுத்த மாதமே ஆரம்பித்துவிடும், அப்போது உங்களுக்குச் சம்பளம் இருக்காது.

இவ்வளவு சொன்னபின் முதுகலைக்குக் கிளம்பிவிடாதீர்கள். அதிலும் ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது, துறை மாறுகிறவர்கள் நேராகப் போய் விழுவது அதில்தான். ஜெர்மன் அரசுப் பல்கலையில் கணினி அறிவியல் முதுகலை என்பது கணினி அறிவியல் இளங்கலையின் தொடர்ச்சி. பிரிட்டனில் வேறு துறைக்காரர்களுக்காகவே ஒரு வருட மாற்று முதுகலை இருக்கிறது. அந்த நினைப்பில் ஜெர்மனிக்கு விண்ணப்பித்தால் நிராகரிப்புதான் வரும். உங்கள் மதிப்பெண் பட்டியலை எடுத்து வைத்து, பாடம் பாடமாக அவர்கள் எண்ணுவார்கள்: டேட்டா ஸ்ட்ரக்சர், ஆப்பரேட்டிங் சிஸ்டம், டேட்டாபேஸ், கணினிக் கோட்பாடு, டிஸ்கிரீட் கணிதம். உங்கள் பட்டியலில் அந்தக் கணக்கில் விழுவது முதல் பருவத்து கம்ப்யூட்டர் புரோகிராமிங் தாளும் அதன் ஆய்வகமும்தான். ஏழு வருட அனுபவமும், இணையத்தில் முடித்த பத்துச் சான்றிதழும் இந்த எண்ணிக்கையில் சேராது. பூட்கேம்ப் சான்றிதழும் சேராது.

இதே மதிப்பெண் பட்டியலை கம்ப்யூட்டேஷனல் இன்ஜினியரிங் பக்கம் கொண்டுபோனால் கதை மாறுகிறது. கணிதத் தாள்கள், டிரான்ஸ்ஃபார்ம்ஸ், புள்ளியியலும் நியூமரிக்கல் மெத்தட்ஸும், ஃபைனைட் எலிமென்ட், ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ், ஹீட் டிரான்ஸ்ஃபர் எல்லாம் அங்கே எடுபடும். எர்லாங்கன்-நியூரெம்பெர்க் பல்கலையிலும் பிரவுன்ஷ்வைக் தொழில்நுட்பப் பல்கலையிலும் ஆங்கிலத்திலேயே இப்படிப்பட்ட முதுகலைகள் இருக்கின்றன. படிப்பில் பாதி புரோகிராமிங். சிமுலேஷன் மென்பொருளை எழுதுவது, இணைக் கணக்கீடு, சி++, பைத்தான். வெளியே வருகிறவர்கள் சேருவது மென்பொருள் வேலையில்தான், ஆனால் பொறியியல் தெரிந்த மென்பொருள்காரராக. உங்களுக்கு நான் சொல்வது இந்தக் கதவை. வெப்சைட் கட்டுகிறவர்களின் வரிசையில் நீங்கள் கடைசி ஆள். பம்ப்பின் ஹைட்ராலிக்ஸ் தெரிந்த புரோகிராமர் வரிசையில் உங்களுக்கு முன்னால் நிற்பவர் கொஞ்சம் பேர்தான். பிராங்கெந்தாலில் கே.எஸ்.பி., டார்ட்முண்டில் வீலோ என்று பம்ப் தயாரிப்பாளர்களே அந்த நாட்டில் பெரிய நிறுவனங்களாக இருக்கிறார்கள்.

அடுத்து உங்கள் 7.4. ஜெர்மனியில் 1 தான் சிறந்த மதிப்பெண், 4 தேர்ச்சியின் எல்லை. நம் மதிப்பெண்ணை அவர்கள் மாற்றும் சூத்திரம் இது:

```
1 + 3 × (Nmax − Nd) / (Nmax − Nmin)
```

Nmax என்பது 10, Nd உங்கள் 7.4, Nmin என்பது தேர்ச்சிக்குரிய குறைந்தபட்ச கிரேடு புள்ளி. அது உங்கள் மதிப்பெண் பட்டியலின் பின்பக்க அட்டவணையில் இருக்கும். அங்கே கடைசித் தேர்ச்சி கிரேடுக்கு 5 என்று இருந்தால் விடை 2.56. 6 என்று இருந்தால் 2.95. ஒரே 7.4தான், ஆனால் இந்த ஒரு எண்ணால் நீங்கள் எங்கெங்கே விண்ணப்பிக்கலாம் என்பதே மாறிவிடும். ரெகுலேஷன் மாறும்போது இந்த அட்டவணையும் மாறியிருக்கிறது; ஏஜென்ட் எல்லோருக்கும் ஒரே எண்ணைப் போட்டுக் கணக்குச் சொன்னால் நம்பாதீர்கள். 2.5 என்று கறாராக வரம்பு வைத்திருக்கும் படிப்புகளுக்கு 2.56ஐ வைத்துக்கொண்டு பணம் கட்ட வேண்டாம். வரம்பில்லாமல் புள்ளி முறையிலோ நேர்முகத் தேர்விலோ எடுக்கும் இடங்களைத் தேடுங்கள். அங்கே உங்கள் வேலை அனுபவம் பேசும்.

இந்த மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு ஒருவர் கண்டிப்பாக வருவார்: ‘தனியார் பல்கலை, டேட்டா சயின்ஸ் முதுகலை, எந்தத் துறையானாலும் சரி, உடனே சேர்க்கை.’ கட்டணம் மட்டும் பத்து லட்சத்தைத் தாண்டும். எல்லாத் தனியாரும் மோசம் என்று சொல்லவில்லை. ஆனால் அரசு அங்கீகாரம் இருக்கிறதா, அனாபினில் H+ வருகிறதா, வகுப்பு நேரில் நடக்கிறதா என்று மூன்றையும் எழுத்தில் வாங்காமல் முன்பணம் கட்டாதீர்கள். பாதிக்கு மேல் ஆன்லைனில் நடக்கும் படிப்பை வைத்து மாணவர் அனுமதி கேட்டால், ‘இதைப் படிக்க நீங்கள் ஏன் ஜெர்மனியில் இருக்க வேண்டும்’ என்று வெளிநாட்டவர் அலுவலகம் மறுத்துவிட வாய்ப்பு இருக்கிறது.

நடுவில் ஒரு வழியும் இருக்கிறது: 2024 ஜூன் முதல் வந்த வாய்ப்பு அட்டை, சான்சென்கார்ட்டே. பட்டம் முழு அங்கீகாரம் பெற்றிருந்தால் புள்ளி எண்ண வேண்டியதே இல்லை. ஒரு வருடம் தங்கி வேலை தேடலாம், வாரத்துக்கு 20 மணி நேரம் வேலையும் செய்யலாம். மாதம் 1,091 யூரோ வீதம் பணம் காட்ட வேண்டும் என்பது 2025ன் கணக்கு. பூட்கேம்ப்பை விட இது எவ்வளவோ மேல், 90 நாளுக்குப் பதில் 365 நாள். ஆனால் ஜெர்மன் மொழியில் பி1 நிலை இல்லாமல், காட்டுவதற்கு ஒரு மென்பொருள் வேலையும் இல்லாமல் இன்றைக்கே இதில் போனால் வருடம் ஓடிவிடும். இதை உங்கள் இரண்டாவது திட்டமாக வைத்திருங்கள்.

முதல் திட்டம் 2026 அக்டோபர் குளிர்காலப் பருவம். அதைத் தள்ளிப்போடாதீர்கள் என்பதற்கு ஒரு குறிப்பான காரணம் உண்டு. மாணவருக்கான சலுகை விலை அரசு மருத்துவக் காப்பீடு 30 வயது நிறையும் பருவத்தோடு முடிந்துவிடும். 29ல் சேர்ந்து அதற்குள் நுழைந்துவிட்டால் பிறகு அதிகக் கட்டணத்திலாவது அதே காப்பீட்டில் தொடரலாம். 30 தாண்டிச் சேருகிறவருக்குப் பொதுவாகத் தனியார் காப்பீடுதான் வழி. சேரும்போது விலை குறைவு என்று தனியாருக்குப் போய்விட்டால் படிப்பு முடியும்வரை அரசுக் காப்பீட்டுக்குத் திரும்பவும் முடியாது.

அதுவரை வேலையை விடாதீர்கள். பூட்கேம்ப்பில் சொல்லித்தரும் பைத்தானும், கோடின் பதிப்புகளைப் பராமரிக்கும் கிட் என்ற கருவியும், டேட்டாபேஸும் கோவையில் மாலையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் எட்டு மாதத்தில் வந்துவிடும். செய்து காட்ட ஒரு வேலையை உங்கள் மேஜையிலிருந்தே எடுங்கள். டெஸ்ட் பெட்டில் ஒரு பம்ப்பை ஓட்டும்போது ஓட்ட அளவு, ஹெட், உள்ளே போகும் மின்சக்தி மூன்றையும் குறித்து, எக்செல்லில் தட்டி, கர்வ் வரைகிறீர்கள் அல்லவா? அந்த அளவீடுகளை சி.எஸ்.வி. கோப்பாக வாங்கி, செயல்திறனைக் கணக்கிட்டு, வேகம் மாறியிருந்தால் அஃபினிட்டி விதிப்படி திருத்தி, ஐ.எஸ்.ஓ. 9906 அனுமதிக்கும் வரம்புக்குள் இருக்கிறதா என்று பார்த்து, அறிக்கையாகத் தரும் ஒரு சின்ன மென்பொருளை எழுதுங்கள். சென்சார் தவறாகக் காட்டிய ஒரு வரி நடுவில் வந்தால் அது என்ன செய்கிறது என்பதற்கும் சோதனை எழுதுங்கள். கம்பெனித் தரவை வெளியே போடக்கூடாது, அளவீடுகளை நீங்களே உருவாக்கிக்கொள்ளுங்கள். பூட்கேம்ப் முடிக்கும் இருபது பேரும் ஒரே மாதிரி ஒரு ஆன்லைன் கடையைக் கட்டி கிட்ஹப்பில் வைத்திருப்பார்கள். வெர்க்ஸ்டூடென்ட் எடுக்கும் பம்ப் கம்பெனி மேலாளருக்கு உங்களுடையது முதல் பார்வையிலேயே புரியும். கம்பெனிக்குள் இதைப் பயன்படுத்த ஒப்புக்கொண்டு உங்கள் பணி விவரத்தில் புரோகிராமிங்கையும் சேர்த்து எழுதித் தந்தால் இன்னும் நல்லது. வாய்ப்பு அட்டை வழியில் போனாலும், இங்கிருந்தே நேரடியாக விண்ணப்பித்தாலும் அந்தக் கடிதம் உதவும்.

எட்டு மாதம் கழித்தும் மாலையில் அந்த இரண்டு மணி நேரம் உட்காரப் பிடிக்கவில்லை என்றால், முதுகலைக்கும் போகாதீர்கள். அப்போது நீங்கள் இழந்தது சில மாலைகள் மட்டும்தான்.

ஜெர்மன் மொழியை இன்றே தொடங்குங்கள்; கிளம்பும்போது ஏ2, முதல் வருட முடிவில் பி1. ஆங்கிலத்தில் படித்துவிடலாம், ஆனால் பெர்லின் ஸ்டார்ட்அப்களைத் தாண்டி வந்தால் இயந்திர நிறுவனங்களில் கூட்டம் நடப்பது ஜெர்மனில்தான்.

இந்த வாரம் செய்ய வேண்டியது இரண்டு. மதிப்பெண் பட்டியலின் பின்பக்கத்தைப் பாருங்கள், 5ஆ 6ஆ என்று. பிறகு கல்லூரிக்குப் போய் எட்டுப் பருவத்துக்கும் பாடத்திட்ட நகலைத் துறைத் தலைவர் கையெழுத்தும் முத்திரையும் போட்டு வாங்குங்கள். ‘புரோகிராமிங்’ என்ற தலைப்பை மட்டும் பார்த்து அவர்கள் மதிப்பெண் தரமாட்டார்கள், உள்ளே எத்தனை மணி நேரம் என்ன நடத்தினார்கள் என்று கேட்பார்கள். நிறையக் கல்லூரிகளில் அந்த நகல் கைக்கு வர ஒரு மாதம் ஆகிறது, ஏ.பி.எஸ். அதற்கும் மேல் இழுக்கும், சில பல்கலைகள் மார்ச் மாதத்திலேயே கதவைச் சாத்திவிடும். பூட்கேம்ப்காரர்கள் ‘இடம் பிடித்துவைக்க’ முன்பணம் கேட்டால், விசா மறுக்கப்பட்டால் முழுத் தொகையும் திரும்ப வரும் என்ற வரி ஒப்பந்தத்தில் எங்கே இருக்கிறது என்று கேட்டு, அது கைக்கு வரும்வரை ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள்.